ஒத்தெல்லோவுக்கு முகத்தில கறுப்புப் பூசலாமா?

வெள்ளவத்தை அம்மா: மகன்ட பள்ளிக்கூடத்தில சேக்ஸ்பியரின்ட ஒத்தெல்லோ நாடகம் போடுறாங்க, மகன்தான் ஒத்தெல்லோ எண்ட கறுப்பினத் தளபதி. முகத்துக்குக் கறுப்புப் பூசச் சொல்லி வாத்தியார் சொல்றார். கனடாவில இருக்கிற அக்கா கூடவே கூடாது எண்டு நிக்கிறா. பூசினா என்ன பிழை?

ராஜன்: ஒரு பிழையும் இல்லை. சேக்ஸ்பியர் காலத்தில ஒத்தெல்லோவா நடிச்ச ரிச்சர்ட் பர்பேஜும் வெள்ளைக்காரர்தான். எங்கட கூத்திலயும் அரிதாரம் பூசாமல் வேசம் ஏது?

செல்வி: ராஜன் அண்ணை, பர்பேஜ் கதை சரி. ஆனா ஆக்கள் கோபப்படுறது அதுக்கு இருநூறு வருசத்துக்குப் பிறகு வந்த விசயத்துக்கு. 1830 அளவில, அமெரிக்காவில அடிமை முறை இருக்கேக்கயே, டி. டி. ரைஸ் எண்ட வெள்ளைக்கார நடிகர் முகத்தைக் கரியாக்கி, கிழிஞ்ச உடுப்போட 'ஜிம் குரோ' எண்டு ஆடிப்பாடிப் பேரெடுத்தார். 1843இல நியூயோர்க்கில நாலு பேர் சேர்ந்து அதை ஒரு முழுக் காட்சியாவே ஆக்கினாங்கள். தக்கையை எரிச்ச கரியைக் குழைச்சுப் பூசி, வாயை மட்டும் பெரிசாக் காட்டுவாங்கள். அந்தப் பாத்திரம் எப்பவும் சோம்பேறி, கள்ளன், மூளையில்லாதவன். பிறகு கறுப்பினத்தவரை ஒதுக்கின சட்டங்களுக்கே ஜிம் குரோ எண்டு பேர் வந்தது.

பேர்ட் வில்லியம்ஸைப் பாருங்கோ. பஹாமாஸில பிறந்த கறுப்பினக் கலைஞர். 1903இல இங்கிலாந்து அரச குடும்பத்துக்கு முன்னால நடிச்சவர், 1910இல நியூயோர்க்கில பெரிய வெள்ளைக்காரக் குழுவில சேர்ந்தவர். அவரும் கரி பூசித்தான் மேடையேறினார்! ஒரு கறுப்பினத்தவருக்கே கரி தேவைப்பட்டதெண்டா, அது நிறத்தைக் காட்டப் பூசினதில்லை. வெள்ளைக்காரர் பார்த்துச் சிரிக்கப் பழகின முகமூடி அது.

சுமதி: எனக்கும் நடந்தது. சீதை வேசத்துக்கு நான் கறுப்பெண்டு ரோஸ் பவுடரை அப்பிவிட்டாங்கள். இதுவும் அதுதானே?

செல்வி: இல்லை சுமதி, உங்களை வைச்சு ஒரு இனத்தையே ஆரும் நக்கலடிக்கேல்ல. ஆனா கறுப்பு எண்டா குறை எண்ட எண்ணம் ரெண்டிலயும் இருக்கு, உங்களுக்கு வலிச்சது நியாயம்தான். எங்கட நிறத்தையும் அவங்கள் விடேல்ல: 1968இல 'தி பார்ட்டி' படத்தில பீட்டர் செல்லர்ஸ் மண்ணிறம் பூசி, எங்கட பேச்சை இழுத்துப் பேசி இந்தியனா நடிச்சார்.

ராஜன்: அந்தப் படத்தை எங்கட ஆக்களே ரசிச்சவை. கொழும்பில ஒரு பள்ளிக்கூட நாடகம் ஆரைப் புண்படுத்தும்?

செல்வி: புத்தளம் பக்கம் சிறாம்பியடியில ஆப்பிரிக்க வழிவந்த சனம் இருக்கு, அண்ணை. அவையின்ட பிள்ளை அந்த நாடகத்தைப் பார்க்க வந்தா? நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஒபேராவே 2015இல ஒத்தெல்லோவுக்குக் கறுப்புப் பூச்சை விட்டிட்டுது.

ராஜன்: அப்ப மற்றவை அவனைக் கறுப்பன் எண்டு ஏசேக்க, பார்க்கிற பிள்ளையளுக்கு என்ன விளங்கும்?

செல்வி: வசனம் விளங்கப்படுத்தும். கதை நடக்கிற வெனிஸ் நகரத்தில அவன் வெளியாள். அதை உடுப்பிலயும், மற்றவை விலகி நிக்கிற விதத்திலயும் காட்டலாம்.

ராஜன்: எனக்கு இன்னும் மனம் ஒப்பேல்ல. நிறத்தை எடுத்தா, ஒத்தெல்லோவைக் கெடுக்கிற வில்லன் இயாகோவின்ட வன்மம் பாதி போயிடும்.

வெள்ளவத்தை அம்மா: உடுப்பு யோசனையை வாத்தியாரிட்டச் சொல்லிப் பார்க்கிறன். செல்வி, வெனிஸ் ஆக்கள் எல்லாருக்கும் ஒரே நிற உடுப்புப் போடலாமோ?

செல்வி: போடுங்கோ. அவனுக்கு மட்டும் வேற நிறம்.