மூணு வருஷ புராஜெக்ட், மூணு வருஷமும் ஒரே சம்பளம்

மண்டபம் களப்பணியாளர்:
மண்டபம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். கடல்பாசி எடுக்கும் பெண்களின் குழுக்களோடு வேலை, பணம் வெளிநாட்டிலிருந்து. சேரும்போது மாதம் 22,000 என்றார்கள், கைக்கு வந்தது 18,250. மூன்றாவது வருடமும் அதே 18,250தான்.

இரண்டாம் வருடம் சம்பள உயர்வு கேட்டேன். இயக்குநர் திட்டவில்லை, பட்ஜெட் தாளை எடுத்துக் காட்டினார். என் பதவிக்கு நேரே மாதம் 22,000, 36 மாதம், மொத்தம் 7,92,000 என்று இருந்தது. நான் சேர்வதற்கு எட்டு மாதம் முன்பே எழுதியது அது. "இதுல நான் கை வச்சா ஆடிட்ல பதில் சொல்லணும்மா" என்றார்.

அதைவிட வலித்தது கடைசியில் நடந்தது. வேலை பின்தங்கியதால் நன்கொடையாளர் நான்கு மாதம் கூடுதலாகக் கொடுத்தார்கள், பணம் மட்டும் கூடுதலாக இல்லை. பட்ஜெட்டில் என் சம்பளத்துக்கு ஒதுக்கிய பணம் 36-வது மாதமே காலி. பயணச் செலவில் மிஞ்சியதை அனுமதி வாங்கி மாற்றி, இரண்டு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு என்னை விடுவித்துவிட்டார்கள். குழுக்களின் கணக்கை முடித்துக் கொடுக்காமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

கீழக்கரை தம்பி:
அக்கா, 2020-ல வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினாங்கல்ல, நிர்வாகச் செலவு 50 சதவீதத்துல இருந்து 20 ஆச்சு. அதனாலதான் யாருக்கும் சம்பளம் ஏத்த முடியல.

பாம்பன் வாசகர்:
22,000 சொல்லிட்டு 18,250 கொடுத்தா அது மோசடி. தொழிலாளர் அலுவலகத்துல மனு கொடுங்க சகோதரி.

ராமநாதபுரம் கணக்காளர்:
பல தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதியவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் அந்த 18,250. பட்ஜெட்டில் உள்ள 22,000 நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. பி.எஃப். கணக்கு 15,000 உச்சவரம்பில் போடப்பட்டிருந்தால், முதலாளி பங்கு 1,800, இதர கட்டணம் 150. அது போக 20,050. அதில் உங்கள் பங்கு 1,800 பிடித்தால் சரியாக 18,250. மோசடி இல்லை. ஆனால் சேரும்போதே சொல்லாதது தப்பு.

தம்பி சொன்ன 20 சதவீதம் உண்மை. ஆனால் அந்த வரம்பு முக்கியமாக இயக்குநர், கணக்காளர், அலுவலக வாடகை ஆகியவற்றைத்தான் நெருக்குகிறது. திட்டத்துக்காக நேரடியாகக் களத்தில் இருப்பவரின் சம்பளம் பொதுவாக அதில் சேராது. என் சம்பளம் ஏறாததற்கு அது காரணமாகலாம், அக்காவுக்கு அல்ல.

அக்காவின் பிரச்சினை நன்கொடையாளருக்குத் திட்ட முன்மொழிவு எழுதிய நாளிலேயே தொடங்கிவிட்டது. வருடம் 5 சதவீத உயர்வைச் சேர்த்து எழுதியிருந்தால் 22,000, 23,100, 24,255. மூன்று வருடத்துக்கு 8,32,260 ஆகியிருக்கும், கூடுதல் வெறும் 40,260. அதையும் கேட்கப் பயந்தால், அதே 7,92,000-க்குள் 20,900-ல் தொடங்கி மூன்றாம் வருடம் 23,000-ஐத் தாண்டியிருக்கலாம். முன்மொழிவு எழுதுகிறவர்கள் தொகை பெரிதாகத் தெரிந்தால் நன்கொடையாளர் ஒதுக்கிவிடுவார்களோ என்று மூன்று வருடத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். நானே அப்படிப் போட்டிருக்கிறேன். அப்போது அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கப்போகும் ஆள் யாரென்று தெரியாது.

தங்கச்சிமடம் அக்கா:
எனக்கு 36 மாதமெல்லாம் கனவு. நான் கம்பெனி சமூகப் பொறுப்புக்குன்னு ஒதுக்குற சி.எஸ்.ஆர். பணத்துல வேலை பாக்குறேன். மார்ச் 31 வந்தா ஒப்பந்தம் முடியும். அடுத்த வருஷ ஒப்புதல் வர ஜூன், ஜூலை ஆகிடும். மீன்பிடித் தடைக்காலமும் ஏப்ரல் 15-ல ஆரம்பிக்கும். வீட்டுக்காரர் படகும் கரையில, நானும் வீட்டுல. நாலு வருஷமா இதே கதை. அந்த இடைவெளிக்கு எந்த பட்ஜெட்லயும் இடம் இல்லையா?

ராமநாதபுரம் கணக்காளர்:
நிறுவனத்துக்குச் சொந்த நிதி இருந்தால்தான் முடியும் அக்கா. சின்ன நிறுவனங்களில் அது இருப்பதில்லை. கம்பெனி உங்கள் திட்டத்தை மூன்று வருடம் வரை நீளும் தொடர் திட்டமாக ஒப்புக்கொண்டால் இடைவெளி குறையும். ஆனால் அது கம்பெனி எடுக்க வேண்டிய முடிவு.

மண்டபம் களப்பணியாளர்:
சார், எங்கள் பணம் யூரோவில் வந்தது. ரூபாய் மதிப்பு குறைந்ததால் நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்குமே, அதில் உயர்வு கொடுத்திருக்கலாமா?

ராமநாதபுரம் கணக்காளர்:
ஒப்பந்தத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். சில நன்கொடையாளர்கள் அந்தக் கூடுதல் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். சிலர் எழுத்தில் அனுமதி கேட்டால் பட்ஜெட்டில் வேறு செலவுக்கு மாற்ற விடுவார்கள். உங்கள் நிறுவனம் கேட்டதா என்பதே கேள்வி.

மண்டபம் களப்பணியாளர்:
தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. அடுத்த வாரம் தொண்டியில் ஒரு நேர்காணல். பட்ஜெட்டில் மூன்றாம் வருடச் சம்பளம் எவ்வளவு என்பதையும், திட்டம் முடியும் தேதியையும், பி.எஃப். உள்ளேயா வெளியேயா என்பதையும் கேட்கப் போகிறேன்.

தங்கச்சிமடம் அக்கா:
நான் கேட்டப்ப பட்ஜெட்டைக் காட்ட மாட்டோம்னுட்டாங்க. உங்களுக்குக் காட்டினா வந்து சொல்லுங்க.