அதே தூக்க மாத்திரைதான், அப்பா மட்டும் எழவே மாட்டேன் என்கிறார். அவசரம்!

வெண்ணிலா_க
அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சித்தப்பாவும் பல மாதமாக அதே மாத்திரை, அதே பவர்தான் போடுகிறார். விடியற்காலையில் எழுந்து நடக்கப் போய்விடுவார். அப்பா முதல் நாலைந்து நாள் நன்றாகத்தான் இருந்தார். இப்போது பகலெல்லாம் தூக்கம். கூப்பிட்டால் "ம்" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். மாத்திரை போலியா? பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

தூறல்
என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளாக? அப்பாவுக்கு என்ன வயது? இது எதுவும் தெரியாமல் என்ன சொல்வது?

பழைய_சைக்கிள்
கம்பெனி மாறியிருக்கும். எனக்கும் ஒருமுறை அப்படி ஆனது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

நாலாம்_தூண்
முழு விவரம் இல்லாமல் பதிவு போடக் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது. கிரியேட்டினின் பார்த்தீர்களா? உடம்பிலிருந்து மருந்தை வெளியேற்றுவது சிறுநீரகம். பள்ளிக்கூடப் பாடம் இது.

வெண்ணிலா_க
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். டயாசிபாம் 5, இரவில் ஒன்று. நேற்றோடு பத்து நாள். வயது 66. கிரியேட்டினின் 0.8. போன மாதம் எடுத்த எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கிட்டத்தட்ட நார்மல்.

நாலாம்_தூண்
0.8 என்றால் சிறுநீரகம் கச்சிதம். ஈரலும் நார்மல். அப்புறம் என்ன? வயதுதான் காரணம்.

வார்டு_மருந்தாளர்
வெண்ணிலா, போன மாதம் ஈரல் பரிசோதனை எதற்காக எடுத்தார்கள்? வயிறு வீங்கியதுண்டா?

வெண்ணிலா_க
ஈரல் சுருக்கம் இருக்கிறது. போன வருடம் வயிற்றிலிருந்து இரண்டு தடவை நீர் எடுத்தார்கள். தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைத்து எழுதவில்லை.

வார்டு_மருந்தாளர்
சம்பந்தமே அதுதான். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இன்று இரவு மாத்திரை வேண்டாம். அப்பாவை உட்கார வைத்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, வண்டியை நிறுத்தச் சொல்வதுபோல் உள்ளங்கையை மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு சட்சட்டென்று விழுந்து விழுந்து எழுகிறதா? மலம் போய் எத்தனை நாள் ஆகிறது? சுருங்கிய ஈரல் கழிக்காமல் விட்ட நஞ்சு மூளையை மந்தமாக்கினால் மணிக்கட்டு அப்படி விழும், மலச்சிக்கல் அதைக் கூட்டும். பதில் எதுவாக இருந்தாலும் இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். உலுக்கியும் விழிக்கவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

இனி காரணம். டயாசிபாமை உடைப்பது ஈரல். சித்தப்பா மாதிரி ஆளுக்கு உள்ளே போன மருந்து பாதியாக ஏறக்குறைய 40 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாத்திரை போடும்போது முந்தையதில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் உள்ளே இருக்கும். அப்படியே சேர்ந்துகொண்டே போய், ஒரு வாரத்தில் சுமார் 15 மில்லிகிராமில் நின்றுவிடும். அதற்கு மேல் ஏறாது.

ஈரல் சுருங்கியவருக்கு அந்த 40 மணி நேரம் 100 ஆகலாம். அப்போது அடுத்த இரவில் 85 சதவீதம் மிச்சம் இருக்கும். பத்தாம் நாள் மாத்திரை போட்டதும் உள்ளே 26 மில்லிகிராம். இன்னும் இரண்டு வாரம் போனால் 30-ஐத் தாண்டும். அப்பா முதல் நாலைந்து நாள் நன்றாக இருந்தாரே, அது இதனால்தான். ஒரு மாத்திரையின் வேலையல்ல இது, சேர்ந்துபோன கூட்டம். டயாசிபாம் உடைந்து வரும் பொருளும் தூங்க வைக்கும், அது போக இன்னும் நாளாகும். அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. இப்போது பாதியாக உடைத்துக் கொடுத்தாலும் உள்ளே இருப்பது சட்டென்று குறையாது.

எஸ்.ஜி.ஓ.டி. நார்மல் என்றதை வைத்து ஏமாற வேண்டாம். ஈரல் செல்கள் இப்போது சிதைகின்றனவா என்றுதான் அது காட்டும். வேலை செய்ய எத்தனை செல் மிச்சம் என்பதை அதில் பார்க்க முடியாது. அதற்கு அல்புமின், பிலிருபின், ஐ.என்.ஆர். மூன்றையும், வயிற்று நீரையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது, அதனால் தசை கரைந்த உடம்பில் 0.8 என்பதையும் நான் அப்படியே நம்ப மாட்டேன்.

நாலாம்_தூண்
அல்புமினை நீங்களே சொல்லிவிட்டீர்கள். டயாசிபாமில் 98 சதவீதம் ரத்தத்தில் உள்ள அல்புமின் என்கிற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மிச்சம் 2 சதவீதம்தான் மூளைக்குப் போகும். அல்புமின் குறைந்து அந்த 2 நாலானால் வீரியம் இரட்டிப்பு. இவ்வளவுதான் விஷயம். எதற்கு இத்தனை கணக்கு?

வார்டு_மருந்தாளர்
பாதி சரி. விடுபட்டது மூளைக்கு மட்டும் போவதில்லை, உடைக்கச் சொல்லி ஈரலிடமும் போகிறது. தினமும் போடுகிற மாத்திரையில் ஒட்டாத மருந்து கடைசியில் எந்த அளவில் நிற்கும் என்பதை ஈரலின் திறன்தான் தீர்மானிக்கும். அல்புமின் மட்டும் குறைந்து ஈரல் நன்றாக இருந்தால் நீங்கள் சொல்கிற இரட்டிப்பு நிலைக்காது.

நாலாம்_தூண்
பாடப்புத்தகத்தில் அப்படி இல்லை.

தூறல்
அப்படியானால் ஈரல் நோயாளி தூங்கவே கூடாதா? டாக்டர்கள் என்ன கொடுப்பார்கள்?

வார்டு_மருந்தாளர்
வேண்டியே இருந்தால் லோராசிபாம் அல்லது ஆக்சசிபாம். டயாசிபாமை ஈரல் பல படியாக உடைக்க வேண்டும். இவற்றை ஒரே படியில் இன்னொரு மூலக்கூறோடு ஒட்டி அனுப்பிவிடும். சுருங்கிய ஈரலிலும் அந்த வேலை வெகுநாள் ஓடும். அதிலும் வழக்கத்தில் பாதி அளவில் தொடங்கி, சில நாள் பொறுத்துப் பார்த்துத்தான் கூட்டுவார்கள். நோயால் ஏற்கெனவே மூளை மந்தமானவருக்கு அதுவும் தராமல் தவிர்க்கத்தான் பார்ப்பார்கள். அந்த மூளைக்குக் கொஞ்சமே போதும், அளவைக் குறைத்து மட்டும் இதைச் சமாளிக்க முடியாது.

செவ்வந்தி67
எங்கள் அம்மாவுக்கும் இதே கதை, ஆனால் ஈரல் இல்லை. நரம்பு வலிக்கு காபாபென்டின் 300, தினம் மூன்று வேளை. சாப்பிடும்போதே கையில் உருண்டையோடு தூங்கிவிடுவார். கிரியேட்டினின் 1.4 தானே, கொஞ்சம்தான் கூட என்றார்கள்.

நாலாம்_தூண்
பார்த்தீர்களா, கடைசியில் சிறுநீரகம்தான்!

வார்டு_மருந்தாளர்
இந்த மருந்துக்கு ஆமாம். காபாபென்டினை ஈரல் தொடுவதே இல்லை, அப்படியே சிறுநீரில் போகும். செவ்வந்தி அக்கா, அம்மாவின் வயதும் எடையும்?

செவ்வந்தி67
78. எடை 42 கிலோ.

வார்டு_மருந்தாளர்
140-இல் வயதைக் கழித்தால் 62. அதை 42 கிலோவால் பெருக்கி, 72 × 1.4 ஆல் வகுத்து, பெண் என்பதால் 0.85 ஆல் பெருக்கினால் 22 வருகிறது. கிரியேட்டினின் பார்வைக்குக் கொஞ்சம்தான் கூட, ஆனால் சிறுநீரகம் நிமிடத்துக்கு 22 மில்லிதான் சுத்தம் செய்கிறது. அந்த நிலைக்கு நாள் முழுவதற்கும் 200 முதல் 700 வரை, ஒரே வேளையாக. அம்மா 900 சாப்பிடுகிறார். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். ஈரலுக்கு இப்படி ஒரு கணக்கு கிடையாது, அதுதான் சங்கடம்.

பழைய_சைக்கிள்
அட்டையில் கம்பெனி பெயர் பார்த்தீர்களா, இல்லையா?

வெண்ணிலா_க
கை நீட்டச் சொன்னேன். மணிக்கட்டு விழுந்து விழுந்து எழுந்தது. மலம் போய் மூன்று நாள். கிளம்பிவிட்டோம்.

*(நான்கு நாட்களுக்குப் பின்)*

வெண்ணிலா_க
வார்டில்தான் இருக்கிறோம். மாத்திரையை நிறுத்திவிட்டு, மலம் போக லாக்டுலோஸ் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கண் விழித்து சித்தப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மாத்திரையா, மலச்சிக்கலா என்று கேட்டேன். இரண்டும் சேர்ந்துதான், பிரித்துச் சொல்ல முடியாது என்றார்கள். போன் சார்ஜ் இல்லை, அப்புறம் எழுதுகிறேன்.

தூறல்
இப்போது இரவில் தூங்குகிறாரா? தூக்கத்துக்கு என்ன கொடுக்கிறார்கள்?