தப்பான ரோலுக்கு ரெஸ்யூமை அனுப்பிவிட்டார் ரெக்ரூட்டர், மனம் நோகாமல் எப்படி எழுதி மாற்றுவது?

சதுரங்கக்குதிரை

வணக்கம். டேட்டா என்ஜினியராக 6 வருட அனுபவம், பைஸ்பார்க்கும் எஸ்க்யூஎல்லும் ஏர்ஃப்ளோவும்தான் தினசரிப் பிழைப்பு. சென்னையில் ஒரு கன்சல்டன்சியிலிருந்து போன வாரம் ஒருவர் கூப்பிட்டார். அவர்களுடைய கிளையன்ட் கம்பெனியில் டேட்டா என்ஜினியர் வேலை இருக்கிறது என்று சொல்லி ஜேடியையும் மெயிலில் அனுப்பினார். எனக்கு அப்படியே பொருந்துகிற ஜேடி, அதனால் "என் ப்ரொஃபைலை அனுப்பலாம்" என்று பதில் மெயிலில் ஒப்புதல் கொடுத்தேன். இன்று காலை அந்தக் கம்பெனியிலிருந்தே காலண்டர் அழைப்பு வந்திருக்கிறது, தலைப்பில் `Power BI Developer - L1 Discussion` என்று இருக்கிறது. வியாழன் காலை 11 மணிக்கு.

பவர் பிஐ எனக்குத் தெரியாது என்றில்லை, இரண்டு டாஷ்போர்டு போட்டிருக்கிறேன், ஆனால் அது என் வேலை இல்லை. ரெக்ரூட்டருக்கு இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அந்த டேட்டா என்ஜினியர் ரோல் எனக்கு நிஜமாகவே வேண்டும், அதனால் அவரைக் கோபப்படுத்தவும் மனசில்லை. மெயிலில் என்ன எழுதலாம்? இல்லை, வியாழக்கிழமை போய் உட்கார்ந்து பேனலிடமே சொல்லிவிடலாமா?

டீக்கடை_பெஞ்ச்

அட்டெண்ட் பண்ணுங்க ப்ரோ, விடாதீங்க. உள்ளே போனதும் "நான் டேட்டா என்ஜினியர்" என்று சொன்னால் அவங்களே சரியான டீமுக்கு மாத்தி விடுவாங்க. என் நண்பனுக்கு அப்படித்தான் நடந்தது, ஜாவா பேனலில் போய் உட்கார்ந்தவன் டெவ்ஆப்ஸில் செலக்ட் ஆகி வந்தான். அதுவும் வேண்டாம் என்றால் கம்பெனியோட கேரியர்ஸ் பேஜில் நேரடியா அந்த ரோலுக்கு அப்ளை பண்ணிடுங்க, கன்சல்டன்சியே தேவையில்லை.

வேப்பமரத்தடி

ஆஃபரை வாங்கிவிட்டு வேண்டாம் என்று சொல்வது தப்பே இல்லை தம்பி. கம்பெனிக்காரன் நம்மைக் கடைசி நேரத்தில் கழற்றிவிடுவதில்லையா? தைரியமாக எழுது.

சதுரங்கக்குதிரை

@வேப்பமரத்தடி ஐயா, ஆஃபர் இன்னும் வரவில்லை. முதல் ரவுண்டே தப்பான வேலைக்கு வந்து நிற்கிறது, அதுதான் பிரச்சினை.

மூன்றாம்மாடி

நான் 4 வருடம் கன்சல்டன்சியில் இருந்தேன், இப்போது ஒரு கம்பெனிக்குள்ளேயே ஆள் எடுக்கும் டீமில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் பேனல் விஷயம். டீக்கடை நண்பர் சொன்ன மாதிரி நடப்பதும் உண்டு, ஆனால் அது பேனலில் உட்கார்ந்தவர் நல்ல மனிதராக இருந்ததால் நடந்தது. வழக்கமாக என்ன ஆகும் என்றால், பேட்டி எடுப்பவர் கையில் பவர் பிஐக்கான ஃபீட்பேக் ஃபார்ம் இருக்கும், அவர் பவர் பிஐயின் ஃபார்முலா மொழியான டேக்ஸில் கேள்வி கேட்பார், நீங்கள் தடுமாறுவீர்கள், அவர் ரிஜெக்ட் போட்டுவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவார். அந்த ரிஜெக்ட் அந்த ரோலோடு போவதில்லை, உங்கள் பெயரில் நிற்கும். நிறையக் கம்பெனிகளில் பேட்டியில் விழுந்தவரை சில மாதங்களுக்கு மறுபடி எடுக்கமாட்டார்கள், அது 3 மாதமா 6 மாதமா என்பது அந்தந்தக் கம்பெனி வழக்கம். அப்புறம் நீங்கள் விரும்புகிற அதே ரோலுக்கு உங்கள் ப்ரொஃபைல் வந்தாலும் "ஏற்கெனவே ரிஜெக்ட்" என்று திரையிலேயே தெரியும்.

கேரியர்ஸ் பேஜில் நேரடியாகப் போடுவது இப்போதைக்கு வேண்டாம். உங்கள் மெயில் ஐடியும் மொபைல் எண்ணும் ஏற்கெனவே அந்தக் கன்சல்டன்சியின் கணக்கில் அங்கே பதிவாகியிருக்கிறது. வெண்டர் ஒப்பந்தங்களில் ஒரு ஆளை யார் முதலில் அனுப்பினார்களோ அவர்களுக்கு இத்தனை மாதம் உரிமை என்று எழுதியிருப்பார்கள், 6 மாதம், ஒரு வருடம் என்றெல்லாம் பார்த்திருக்கிறேன். நடுவில் நீங்களே அப்ளை செய்தால் அது டூப்ளிகேட் என்று நிற்கும். கன்சல்டன்சிக்குப் பணம் கொடுக்கவேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கிற இடத்தில், எங்களைப் போன்றவர்கள் செய்கிற சுலபமான வேலை இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த ரெஸ்யூமைத் திறப்பது. நியாயமா என்று கேட்டால் இல்லைதான்.

இனி ரெக்ரூட்டர் பக்கம். ஒரே கிளையன்டிடமிருந்து ஒரே நாளில் நாலைந்து ரெக், அதாவது ஆள் கேட்கும் கோரிக்கை, திறக்கும், எல்லாவற்றிலும் "டேட்டா" என்று ஒரு சொல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெக் ஐடி. வெண்டர் போர்ட்டலில் அந்தப் பட்டியலில் ஒரு வரி மாற்றித் தேர்ந்தெடுத்தாலே போதும், நீங்கள் வேறு வேலைக்குப் போய்விடுவீர்கள். இன்னொரு சாத்தியம், அவர் வேண்டுமென்றே போட்டது. டேட்டா என்ஜினியருக்கு ஆள் நிரம்பிவிட்டது, பவர் பிஐக்கு யாரும் கிடைக்கவில்லை, உங்கள் ரெஸ்யூமில் பவர் பிஐ என்ற சொல் இருக்கிறது, சரி தள்ளிவிடுவோம் என்று. எது நடந்தது என்று மெயிலில் விசாரிக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே மெயில்தான், அவர் பதில் சொல்கிற விதத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஜேடி மெயிலிலும் காலண்டர் அழைப்பிலும் ரெக் ஐடி இருக்கிறதா பாருங்கள். இரண்டும் வேறு வேறு எண்ணாக இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

சதுரங்கக்குதிரை

இருக்கிறது. ஜேடி மெயிலில் `R-20418`, அழைப்பின் கீழே சின்ன எழுத்தில் `R-20481`. அட, கடைசி இரண்டு எண்ணும் இடம் மாறியிருக்கிறது! நான் எழுதி வைத்த மெயில் இது, பாருங்கள்:

> வணக்கம் மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கவும். எனக்கு பவர் பிஐ இன்டர்வியூ வந்திருக்கிறது. என் ரெஸ்யூமை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது, நான் டேட்டா என்ஜினியர். இது என் கேரியரைப் பாதிக்கும். தயவுசெய்து ஏதாவது செய்யுங்கள். எந்த ரோலாக இருந்தாலும் டேட்டா சம்பந்தப்பட்டதாக இருந்தால் பரவாயில்லை. உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

மூன்றாம்மாடி

"சரியாகப் பார்க்கவில்லை" என்ற வரியை முதலில் எடுங்கள். அதைப் படித்ததும் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் யோசிப்பார், மேலாளருக்கு ஃபார்வர்ட் செய்யவேண்டிய மெயிலாக இருந்தால் இன்னும் மோசம், செய்யவேமாட்டார். அதைவிட ஆபத்து "எந்த ரோலாக இருந்தாலும் பரவாயில்லை". அது பவர் பிஐக்கும் நீங்கள் தருகிற ஒப்புதல் ஆகிவிடும். "ஏதாவது செய்யுங்கள்" என்றால் அவர் என்ன செய்வார்? கிளையன்ட் பக்கம் அனுப்பியபின் பெரும்பாலும் அவர் கையில் ஒன்றும் இல்லை, கம்பெனியின் ரெக்ரூட்டர்தான் உங்களை ஒரு ரெக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவேண்டும். அவர் அப்படியே காப்பி எடுத்து அங்கே அனுப்புகிற மாதிரி நீங்கள் எழுதிக் கொடுத்தால் வேலை நடக்கும்.

புது மெயில் போடாதீர்கள், ஜேடி வந்த அதே மெயிலுக்கு ரிப்ளை செய்யுங்கள், கீழே உங்கள் ஒப்புதல் தானாகவே தெரியும். தலைப்பில் மட்டும் முன்னால் பெயரும் இரண்டு எண்களும் சேர்த்துவிடுங்கள். இங்கே தமிழில் போடுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அனுப்பிக்கொள்ளுங்கள்:

> வணக்கம். கிளையன்டிடமிருந்து வியாழன் காலை 11 மணிக்கு அழைப்பு வந்தது, நன்றி. அது பவர் பிஐ டெவலப்பர் ரோலுக்கு, `R-20481`. நாம் பேசியதும் நான் ஒப்புதல் தந்ததும் டேட்டா என்ஜினியர் ரோலுக்கு, `R-20418` (கீழே உள்ள மெயில்). எண்கள் நெருக்கமாக இருப்பதால் மாறியிருக்கலாம்.
>
> என் 6 வருட அனுபவம் பைஸ்பார்க், ஏர்ஃப்ளோ பைப்லைன் வேலையில்தான். பவர் பிஐ ரோலுக்கு நான் பொருத்தமானவன் இல்லை, பேனலின் நேரம் வீணாகவேண்டாம். என் ப்ரொஃபைலை `R-20418`-க்கு மாற்றும்படியும் வியாழன் அழைப்பை ரத்து செய்யும்படியும் கிளையன்டிடம் கேட்கமுடியுமா? அந்த ரோல் மூடிவிட்டது என்றால் `R-20481`-இலிருந்து என் பெயரை விலக்கிவிடுங்கள். ரெஸ்யூம் இணைத்திருக்கிறேன். புதன் மதியத்துக்குள் ஒரு வரி தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

"எண்கள் நெருக்கமாக இருப்பதால்" என்ற அரை வாக்கியம் அவருக்கு ஒரு கௌரவமான வழி. அவர் வேண்டுமென்றே செய்திருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடலாம். விலகுகிறேன் என்பதும் பேட்டிக்கு முன்னால் எழுத்தில் இருக்கவேண்டும், பிற்பாடு பதிவில் அது விலகலாக நிற்கும், ரிஜெக்டாக நிற்காது.

ஊதாக்கத்தரி

அக்கா ஒருத்தி குறுக்கே வருகிறேன். என் விஷயத்தில் ரோல் சரிதான், ரெஸ்யூம்தான் வேறு! மேனுவல் டெஸ்டிங் செய்கிற எனக்கு கன்சல்டன்சிக்காரர்களே செலினியம் 3 வருடம் என்று சேர்த்து அனுப்பியிருந்தார்கள். பேனலில் திரையில் அதைக் காட்டியபோதுதான் எனக்கே தெரியும். இதற்கும் இப்படி மெயில் போட்டிருக்கலாமா?

மூன்றாம்மாடி

போட்டிருக்கலாம், ஆனால் அது இதைவிடப் பெரிய விஷயம் அக்கா. பின்னணிச் சரிபார்ப்பில் பொய்யாக நிற்பது உங்கள் பெயர்தான். அங்கே "கிளையன்டுக்கு அனுப்பிய பிரதியை எனக்கும் அனுப்புங்கள்" என்று கேட்டு, திருத்திய பிரதியை அந்தக் கம்பெனிக்கே அனுப்பிவிடுவதுதான் நல்லது. குதிரை, நீங்களும் பிடிஎஃப்பாக இணையுங்கள், வேர்ட் ஃபைல் கொடுத்தால் லோகோ போடுகிறேன் என்று திறந்து வேறு எதையும் போடுவார்கள்.

டீக்கடை_பெஞ்ச்

அப்போ ரெக்ரூட்டர் பதிலே போடவில்லை என்றால்? நேரா கம்பெனி எச்ஆருக்கு ஒரு மெயில் தட்டிடலாமே, முதல்லயே சிசியில் போட்டால் என்ன?

மூன்றாம்மாடி

முதலிலேயே சிசி போட்டால் கிளையன்ட் முன்னால் அவரை நிறுத்திவைத்த மாதிரி ஆகும். புதன் மதியம் வரை பொறுங்கள், ஒரு வாட்ஸ்அப் போடுங்கள், "மெயில் அனுப்பியிருக்கிறேன்" என்று மட்டும். அப்படியும் அசைவில்லை என்றால் காலண்டர் அழைப்பை அனுப்பியவருக்கே இரண்டு வரி: இந்த ரோலுக்கு நான் ஒப்புதல் தரவில்லை, `R-20418`-க்குத் தந்தேன், கன்சல்டன்சிக்குத் தெரிவித்திருக்கிறேன், அதனால் வியாழன் கலந்துகொள்ள இயலாது. குறை சொல்லும் வரி ஒன்றும் வேண்டாம். சும்மா வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், நோ ஷோ என்று விழுந்தால் ரிஜெக்டைவிடக் கேவலம்.

சதுரங்கக்குதிரை

அப்டேட். மெயில் போட்டு ஒரு மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார், "ஸாரி, போர்ட்டலில் மாறிவிட்டது" என்றார். சாயங்காலம் வியாழன் அழைப்பு ரத்தாகிவிட்டது. ஆனால் `R-20418`-க்கு மாற்றியதாக இன்னும் எழுத்தில் எதுவும் வரவில்லை, "கிளையன்டிடம் சொல்லியிருக்கிறேன்" என்கிறார். இன்னொன்று, பவர் பிஐ ரெக்குக்காக எதிர்பார்க்கும் சிடிசியை நான் சொன்னதைவிடக் குறைத்துப் போட்டிருக்கிறார். மாற்றும்போது அந்தத் தொகையும் கூடவே போகுமா?

மூன்றாம்மாடி

போர்ட்டலைப் பொறுத்தது. சிலவற்றில் அது ஆளோடு சேர்ந்தே நகரும், சிலவற்றில் புதிதாகக் கேட்கும். அதே மெயிலில் ஒரு வரி போட்டுவிடுங்கள்: "மாற்றும்போது எதிர்பார்ப்பு நான் சொன்ன தொகையாகவே இருக்கட்டும், நோட்டீஸ் 60 நாள்" என்று, உங்கள் எண்ணைப் போட்டு. சம்பளப் பேச்சில் அவர்கள் குறைந்த எண்ணைக் காட்டினால் இந்த மெயில் கையில் இருக்கும்.

டீக்கடை_பெஞ்ச்

நான் இன்னமும் சொல்றேன், போய் உட்கார்ந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும் 😄

சதுரங்கக்குதிரை

நோட்டீஸ் 90 நாள் எனக்கு, மாற்றி எழுதி அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை வரை எழுத்தில் எதுவும் வரவில்லை என்றால் இங்கேயே மறுபடி கேட்கிறேன்.