இரண்டு பேரை மெயிலில் அறிமுகப்படுத்த வேண்டும், இந்த வரைவு போதுமா?

வடசேரி கணக்கர்: நாகர்கோவிலில் கணக்கு வேலை பார்க்கிறேன். மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் உற்பத்தியாளர் குழு ஒன்றுக்கு நான்தான் கணக்கு பார்ப்பது. அவர்களுக்கு மொத்தமாக வாங்க ஆள் வேண்டும். சென்னையில் ஒரு உணவு நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர் எனக்குப் பழக்கம். இருவருக்கும் சேர்த்து அனுப்ப எழுதி வைத்திருப்பது இது:

"சார், இவர் தரமான தேன் தயாரிக்கும் குழுவின் செயலாளர். மிக நல்ல மனிதர். அண்ணா, இவர் பெரிய நிறுவனத்தில் மேலாளர். இருவரும் பேசிக்கொண்டால் இருவருக்கும் நல்லது."

இதற்கு இருவரும் பதில் போடுவார்களா?

குளச்சல் மணி: இன்னும் சுருக்குங்கள். இரண்டு வரியும் போன் நம்பரும் போதும். பெரிய ஆட்கள் நீளமான மெயில் படிக்க மாட்டார்கள்.

தக்கலை அக்கா: மணி சொல்வது பாதி சரி. இருவரும் ஏற்கெனவே சரி என்று சொல்லியிருந்தால் இரண்டு வரி போதும். இங்கே அந்தச் சம்மதமே இன்னும் வாங்கவில்லை. அதனால் முதலில் சென்னைக்காரருக்கு மட்டும் தனியாக எழுதுங்கள் தம்பி. நேரம் செலவழிக்கப்போவதும், தட்ட முடியாமல் சங்கடப்படப்போவதும் அவர்தான். இருவரையும் ஒரே மெயிலில் போட்டுவிட்டால், வேண்டாம் என்பதைச் செயலாளர் பார்க்கவே அவர் எழுத வேண்டும். பலர் அதற்குப் பதில் பேசாமலே இருந்துவிடுவார்கள்.

அடுத்தது, "தரமான", "நல்ல மனிதர்" இரண்டையும் எடுத்துவிடுங்கள். கொள்முதல் ஆள் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. எவ்வளவு கிடைக்கும், எப்போது கிடைக்கும், ஈரப்பதம் எவ்வளவு, ஆய்வக அறிக்கை உண்டா, இதுதான் அவர் கேட்பது. நம் ஊர் ரப்பர் மரத் தேனில் ஈரப்பதம் கூடுதலாக இருக்கும் என்று வெளியே ஒரு சந்தேகம் உண்டு. FSSAI வரம்பு 20 சதவீதம். குழுவிடம் அறிக்கை இருந்தால் அந்த எண்ணையே எழுதுங்கள். இல்லையென்றால் அறிக்கை கிடைக்கும் வரை மெயிலை நிறுத்தி வையுங்கள்.

களியக்காவிளை: என் மகனுக்கு வேலைக்காக ஒரு அண்ணாச்சி இப்படித்தான் பரிந்துரை மெயில் போட்டார். ஆறு மாதமாகப் பதில் இல்லை. திரும்பவும் போடச் சொல்லலாமா?

தக்கலை அக்கா: அது பரிந்துரை, வேறு விஷயம் அண்ணே. தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

கணக்கர் தம்பி, சென்னைக்காரர் சரி என்றதும் செயலாளரிடமும் கேட்டுவிட்டு, சேர்த்து அனுப்புவது இப்படி இருக்கட்டும். எண்களை அவரிடம் சரிபார்த்துப் போடுங்கள்:

"பொருள்: அறிமுகம் – மார்த்தாண்டம் ரப்பர் தேன், இந்த சீசன் மாதிரி

சார், நீங்கள் ஒரே இடத்தில் எடுக்கக்கூடிய ரப்பர் தேன் தேடுவதாகச் சொன்னீர்கள். இந்தக் குழுவிடம் இந்த சீசனில் சுமார் 4 டன் வரும், ஈரப்பதம் 19 சதவீதம், அறிக்கை இணைத்துள்ளேன். குழுவின் கணக்கை நான்தான் பார்க்கிறேன்.

அண்ணா, சார் ஆண்டு ஒப்பந்தமாக வாங்குபவர். முதலில் மாதிரி பார்த்துவிட்டுத்தான் அளவு பேசுவார்.

அடுத்த வேலை: அண்ணா அரை கிலோ மாதிரி அனுப்பும் தேதியை இந்த மெயிலுக்குப் பதிலாகப் போடட்டும். அதற்குப் பிறகு நான் தேவையில்லை."

கடைசிப் பத்தி இருந்தால்தான் யார் முதலில் எழுதுவது என்ற தயக்கம் இருக்காது. இருவரும் காத்திருந்தே பல அறிமுகங்கள் செத்துப்போகின்றன. கணக்கு பார்க்கிறீர்கள் என்ற வரியை மறைக்காதீர்கள். பின்னால் தெரிந்தால் நம்பிக்கை போகும். பதில் வரும்போது உங்களை Bcc-க்கு மாற்றச் சொல்லுங்கள். பேரம் பேசும்போது நீங்கள் Cc-யில் இருந்தால் இருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

வடசேரி கணக்கர்: நன்றி அக்கா. விலையைச் சொல்லலாமா? செயலாளர் கிலோ விலையைப் போடச் சொல்கிறார்.

குளச்சல் மணி: போடுங்கள், நேரம் மிச்சம்.

தக்கலை அக்கா: நான் போட மாட்டேன். மாதிரி பார்ப்பதற்கு முன்னால் ஒரு எண் விழுந்துவிட்டால், பேரம் அங்கிருந்து கீழேதான் போகும். ஆனால் செயலாளர் சொல்லும் விலையே எட்டாத உயரம் என்றால் மணி சொல்வதுதான் சரி. சென்னைக்காரர் வழக்கமாக என்ன விலைக்கு எடுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?

வடசேரி கணக்கர்: தெரியாது அக்கா. தனி மெயிலில் அதையும் கேட்டுப் பார்க்கிறேன். இன்னொன்று, செயலாளர் மெயிலே பார்ப்பதில்லை, எல்லாம் வாட்ஸ்அப்தான்.

தக்கலை அக்கா: அப்போ குழுவில் மெயில் பார்க்கும் ஒருவர் பெயரைக் கேட்டு அவரையும் சேருங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் ரப்பர் தேன் எடுப்பு. அதற்குள் மாதிரி போக வேண்டும், இப்போதே தொடங்குங்கள்.