தேர்வில் தவறிய மாணவியின் வீட்டுக்குக் கடிதம்: யோசனை சொல்லுங்கள்

என்னிடம் டியூஷன் படிக்கும் எட்டாம் வகுப்பு மாணவி, பருவத் தேர்வில் கணக்கில் தோற்றுவிட்டாள். வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். விடைத்தாளைப் பார்த்தால் வழிமுறை சரி. அடைப்புக்குறியைப் பிரிக்கும்போதுதான் குறி மாறுகிறது. −3(x − 4) என்பதை −3x − 12 என்கிறாள். +12 வர வேண்டும். அதன்பின் எல்லா வரியும் தப்பு. "கணக்கே வராது" என்று வீட்டில் சொல்வது உண்மையில்லை. கடிதத்தை இதில்தான் தொடங்கியிருக்கிறேன்.

முதல் இரண்டு வாரம் தினமும் அரை மணி, குறிகள் மட்டும். பிரித்ததும் x-க்கு 2 போட்டுப் பார்க்க வேண்டும்: மேலே 6, அவள் விடையில் −18. தப்பு அவளுக்கே தெரிந்துவிடும். அப்புறம்தான் சமன்பாடுகள்.

சிக்கல் அவள் அப்பாதான். அரை மணியை மூன்று மணியாக்கிவிடுவார். அவர் மனம் கோணாமல் இதை எப்படி எழுதலாம்? மதிப்பெண்ணைக் கடிதத்தில் குறிப்பிடலாமா?