ஒரே நேரத்தில் நடக்கும் ஆட்டங்களுக்கு என்ன பெயர்?

பாலக்கோடு (கணக்கு ஆசிரியர்): பத்தாம் வகுப்புக்கு ஒரு பயிற்சித்தாள், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 37 கபடி அணிகள், தோற்றால் வெளியே. இரண்டு கோர்ட். மாலை 4 முதல் இரவு 10 வரை, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம். எத்தனை ஆட்டம், எத்தனை நாள்? இரண்டு கோர்ட்டிலும் சேர்ந்தாற்போல் ஓடுகிற அந்த ஒரு மணி நேரத்தை எல்லோரும் ‘ஸ்லாட்’ என்கிறோம். தமிழில் ஒரு சொல் வேண்டும். ‘சுற்று’ என்று எழுத முடியாது, அது ரவுண்டுக்குப் போய்விட்டது.

அரூர்: இதற்குச் சொல்லே தேவையில்லை ஐயா. ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி வெளியேறும். 36 அணி வெளியேற 36 ஆட்டம். ஒரு நாளைக்கு 6 மணி நேரம், 2 கோர்ட், ஆக 12 ஆட்டம். 36ஐ 12ஆல் வகுத்தால் 3 நாள். முடிந்தது.

பென்னாகரம் (போட்டி நடத்துபவர்): 36 சரி, 3 நாள் தப்பு. இறுதி ஆட்டம் நடக்கும்போது இன்னொரு கோர்ட்டில் யார் ஆடுவார்கள்? அது சும்மாதான் கிடக்கும். மீதி 35 ஆட்டத்தை இரண்டு கோர்ட்டில் எப்படி அடுக்கினாலும் 18 மணி நேரம் வேண்டும், அதற்கு மேல் இறுதி ஆட்டம் ஒன்று. மொத்தம் 19. மூன்று நாளில் கிடைப்பதோ 18தான்.

சுற்றுவாரியாகவே பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அணிகள் சரிபாதியாகக் குறைய 64 அணி வேண்டும். அதற்கு 27 அணி குறைவு, அதனால் 27 அணிக்கு பை, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போகும். முதல் சுற்றில் மீதிப் பத்து அணிகளுக்கு 5 ஆட்டம், அதற்கு 3 மணி நேரம். அப்புறம் 16 ஆட்டத்துக்கு 8, 8க்கு 4, 4க்கு 2, அரையிறுதி இரண்டுக்கும் சேர்த்து 1, இறுதிக்கு 1. கூட்டினால் அதே 19. ஒரு சுற்று முடியும் முன் அடுத்ததைத் தொடங்கினாலும் மிச்சமில்லை; கால் இறுதி ஆடிய கையோடு ஓர் அணியை அரையிறுதிக்கு இறக்க வேண்டிவரும், அவ்வளவுதான். ஒரு ஆட்டத்துக்காக நான்காம் நாள் பந்தல், லைட் வாடகை! நாங்கள் மூன்றாம் நாளை 11 மணிக்கு இழுத்து முடிப்போம்.

அரூர்: மூன்றாவது கோர்ட் போட்டால் இரண்டே நாள்தானே?

பென்னாகரம்: இரண்டு நாளில் 12 மணி நேரம், மூன்று கோர்ட்டுக்கு 36 இடம். ஒரு இடம்கூடக் காலியில்லாமல் நிரம்பினால்தான் நடக்கும். இறுதி ஆட்டத்தப்போ இரண்டு கோர்ட் காலி. மூன்று நாள்தான்.

ஊத்தங்கரை: எங்கள் வாலிபாலில் இந்தக் கணக்கே எடுபடாது. மூன்று செட் ஆட்டம் ஒன்று அரை மணியில் முடியும், இன்னொன்று ஒன்றரை மணி இழுக்கும்.

பென்னாகரம்: கபடியில் அந்தத் தொல்லை குறைவு. 20 நிமிடம், 5 இடைவேளை, மறுபடி 20. டைம் அவுட், சமநிலை வந்தால் அணிக்கு ஐந்து ரைடு, எல்லாம் சேர்த்து ஒரு மணி வைத்தால் தாங்கும். சொல்லுக்கு வருகிறேன்: ‘பந்தி’. கல்யாணச் சாப்பாட்டில் ஒரு பந்தி எழுந்தால்தானே அடுத்த பந்தி? 19 பந்தி, ஒரு நாளைக்கு 6 பந்தி. கடைசிப் பந்தியில் ஒரே இலை.

கிருஷ்ணகிரி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): இலை இருக்கட்டும், சொல் வடமொழி. பங்க்தி தேய்ந்து பந்தி ஆனது. நம்மிடம் பொழுது இருக்கிறதே! தொல்காப்பியர் வகுத்த சிறுபொழுது ஆறு, உங்கள் நாளிலும் ஆறு. ‘ஆடுபொழுது’ என்க.

ஓசூர்: ஐயா, சிறுபொழுது ஒன்று பத்து நாழிகை, அதாவது 4 மணி நேரம். ஆட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை. தவிர, ‘ஆடுபொழுது’ என்றால் பையன்கள் விளையாட்டு பீரியட் என்று நினைப்பார்கள். ‘வேளை’ போதாதா?

கிருஷ்ணகிரி: வேளையும் வடமொழி என்பார் உண்டு. நான் அந்தச் சண்டைக்கு இன்று வரவில்லை.

அரூர்: வேளை என்றால் பையன் மூன்று வேளை மாத்திரை என்றுதான் படிப்பான்.

பாலக்கோடு: எனக்கு வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. பந்திக்கு மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள், அதையே போடுகிறேன். கணக்கையும் மாற்றிவிட்டேன்: முதலில் வகுத்து 3 நாள் என்று எழுதச் சொல்லி, பிறகு பந்திகளை எண்ணச் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரி: போடுங்கள். என் எதிர்ப்பு பதிவில் இருக்கட்டும். ஆசிரியர் கையேட்டிலாவது ஆடுபொழுது வரவேண்டும்.

ஊத்தங்கரை: வாலிபாலுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.