கலைச்சொல் தேவை: சமன்பாட்டில் கிடைத்த, இன்னும் எல்லை ஆகாத எண்ணுக்கு

அனுப்பியவர்: இளவேனில்

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி முதலாண்டு மெய்ப்பகுப்பாய்வுக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறோம். மீள்வரு தொடர்முறைப் பகுதியில் ஒரு சொல் இல்லாமல் வேலை நிற்கிறது. எடுத்துக்காட்டு இதுதான்:

a(1) = 2, a(n+1) = (a(n)² + 3)/4

உறுப்புகள் 2, 1.75, 1.5156, 1.3243, 1.1884, 1.1031 என்று இறங்குகின்றன. எல்லா உறுப்பும் 1-க்கும் 2-க்கும் இடையில் இருப்பதை முதலில் தொகுத்தறிதலால் காட்டுகிறோம். a(n) அந்த இடைவெளியில் இருந்தால் a(n)² என்பது 1-க்கும் 4-க்கும் இடையில் இருக்கும். 3-ஐக் கூட்டி 4-ஆல் வகுத்தால் 1-க்கும் 1.75-க்கும் இடையில் வரும். அடுத்து,

a(n+1) − a(n) = (a(n) − 1)(a(n) − 3)/4

இந்தப் பெருக்கல் சுழியையோ குறை எண்ணையோதான் தரும். ஆகவே தொடர்முறை ஏறாது. இறங்குவதும் கீழே வரம்பு உள்ளதுமான தொடர்முறைக்கு எல்லை உண்டு. அதை L என்று வைத்து இரு பக்கமும் எல்லை எடுத்தால் L² − 4L + 3 = 0. L என்பது 1 அல்லது 3. எந்த உறுப்பும் 2-ஐத் தாண்டாததால் 3 கழிந்துபோகிறது. எல்லை 1.

மாணவர்கள் இதைப் பின்னாலிருந்து தொடங்குகிறார்கள். முதல் வரியிலேயே "எல்லை L என்க" என்று எழுதி, சமன்பாட்டைத் தீர்த்து, "எல்லை 1 அல்லது 3" என்று முடித்துவிடுகிறார்கள். எல்லை உண்டா என்பதே தெரியாத நிலையில் அந்த 1-ஐயும் 3-ஐயும் எல்லை என்று அழைக்க நாமே இடம் கொடுக்கிறோம். அந்தக் கட்டத்தில் அவற்றுக்கு வேறு பெயர் வேண்டும். "உத்தேச எல்லை" என்று வைக்கலாமா?

அனுப்பியவர்: செம்பியன்

> "உத்தேச எல்லை" என்று வைக்கலாமா?

வேண்டாம் என்பேன். "உத்தேசமாக ஐம்பது பேர் வருவார்கள்" என்றால் ஏறக்குறைய ஐம்பது என்றுதான் காதில் விழும். படிப்பவர் அதைத் தோராய மதிப்பு என்று எடுத்துக்கொள்வார். சமன்பாட்டில் கிடைத்த 3 தோராயமானது அல்ல, மிகச் சரியான மூன்று. அதற்கு இல்லாதது எல்லை என்ற தகுதிதான்.

உங்கள் எடுத்துக்காட்டுக்கு முன்னால் இன்னொன்றை வையுங்கள்: b(1) = 1, b(n+1) = 2b(n) + 1. உறுப்புகள் 1, 3, 7, 15, 31. L = 2L + 1 என்று எழுதினால் L = −1. ஒரே ஒரு விடை, தீர்ப்பதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் தொடர்முறை முடிவிலிக்குப் போகிறது. "இரண்டு விடையில் ஒன்றைக் கழிப்பது" மட்டுமே வேலை என்று மாணவர் நினைத்துவிடாமல் இது தடுக்கும். விடை ஒன்றே ஒன்றாக இருந்தாலும் அது எல்லையாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சமன்பாடு சொல்வது இவ்வளவுதான்: எல்லை என்று ஒன்று இருந்தால், அது இந்த எண்களுக்குள் இருக்கும்.

அந்த "இருந்தால்" சொல்லுக்குள்ளேயே தெரியவேண்டும். கருதுகோள் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதே வழியில் கருதெல்லை. எல்லை உண்டு என்று கருதிக்கொண்டதால் கிடைத்தது. வினைத்தொகை என்பதால் பன்மையும் இடறாது: கருதெல்லைகள் 1, 3.

அனுப்பியவர்: கயல்

வணக்கம். நான் நிரல் எழுதுபவள். எங்கள் பக்கம் இதற்குத் தற்சுழற்சி என்ற சொல் பாடநூலிலேயே இருக்கிறதே, "மீள்வரு" எதற்கு?

புதுச்சொல்லும் தேவையா என்று தெரியவில்லை. கணினியில் ஓட்டினால் எல்லை தானாகத் தெரிகிறது:

```python
a = 2.9999999
while True:
    b = (a*a + 3) / 4
    if abs(b - a) < 1e-6:
        break
    a = b
print(b)
```

a = 2 என்று தொடங்கினால் 1.000000 என்று தொடங்கும் எண் வருகிறது. மேலே உள்ளபடி தொடங்கினால் 2.99999985 வருகிறது. ஆக 1, 3 இரண்டுமே எல்லைதான். எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. இதில் கருத என்ன இருக்கிறது?

அனுப்பியவர்: செம்பியன்

கயல், உங்கள் நிரலே இந்தச் சொல் ஏன் வேண்டும் என்பதற்கு நல்ல சான்று. 2.9999999-இல் தொடங்கும் தொடர்முறையின் எல்லையும் 1தான்.

இளவேனில் எழுதிய வேறுபாட்டு வாய்ப்பாட்டில் உங்கள் எண்ணைப் போடுங்கள். a − 1 ஏறக்குறைய 2. a − 3 என்பது −0.0000001. பெருக்கி 4-ஆல் வகுத்தால் −0.00000005. இது 1e-6-ஐவிடச் சிறியது, அதனால் நிரல் முதல் அடியிலேயே நின்றுவிட்டது. அது சோதித்தது அடுத்தடுத்த இரண்டு உறுப்புகள் நெருங்கியிருக்கின்றனவா என்பதைத்தான். எந்தக் கருதெல்லைக்கு அருகிலும் அவை நெருங்கித்தான் இருக்கும்.

அந்த நிறுத்த வரியை எடுத்துவிட்டு, 100 சுற்று ஓடவிட்டு, ஒவ்வொரு உறுப்பையும் அச்சிடுங்கள். 3-க்கு அருகே இருக்கும்வரை, 3-இலிருந்து உள்ள தொலைவு ஒவ்வொரு அடியிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. 0.0000001 என்ற தொலைவு 1 என்ற அளவுக்கு வளர ஏறக்குறைய 40 அடி போதும். அதன் பிறகு 1-ஐ நோக்கி இறங்குவதைக் காண்பீர்கள். 1-க்கு அருகில் நேர்மாறு: தொலைவு ஒவ்வொரு அடியிலும் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. 3-இல் எல்லை கிடைக்கவேண்டுமானால் சரியாக 3-இலோ −3-இலோ தொடங்கவேண்டும். இம்மி பிசகினாலும் கிடைக்காது.

தற்சுழற்சி என்பது ஒரு செயற்கூறு தன்னையே அழைப்பது. இங்கே முந்தைய உறுப்பிலிருந்து அடுத்த உறுப்பு வருகிறது. உங்கள் நிரலிலேயே தற்சுழற்சி இல்லை, வெறும் மடக்குதான். மீள்வரு இருக்கட்டும்.

அனுப்பியவர்: நல்லூரான்

வணக்கம். கருதெல்லை வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் சொல்லிப் பாருங்கள், வகுப்பில் பாதிப்பேர் "கருத்தெல்லை" என்றுதான் எழுதுவினம். சார்பில் போட்டால் மாறாமல் திரும்பி வரும் எண் என்பதால் மாறாவெண் என்று சொன்னால் என்ன? நிலைப்புள்ளி என்று எழுதுவதும் உண்டு, ஆனால் 3-க்கு அருகே தொடங்கினால் ஒன்றும் நிலைக்கவில்லை என்று இப்போதுதான் பார்த்தோம்.

வரம்பு, எல்லை இரண்டும் பேச்சில் ஒன்றுதான் என்பதால் மாணவர் குழம்புவர். எங்கள் ஊரில் வயல் வரம்பு என்பது அன்றாடச் சொல். தண்ணீர் வரம்பைத் தாண்டாது, ஆனால் வரம்பு மட்டும் நிறையவேண்டும் என்றும் இல்லை. எங்கே போய் நிற்கிறதோ அதுதான் எல்லை. இதைக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு திருத்தமும் உண்டு. கீழ்வரம்பு எது என்றாலும் சரி என்ற எண்ணம் வரக்கூடாது. "எல்லா உறுப்பும் 0-க்கு மேல்" என்று மட்டும் நிறுவினால் இந்தக் கணக்கு நடக்காது. 0.5 போல ஓர் உறுப்பு வந்தால் (a − 1)(a − 3) மிகை எண்ணாகிவிடும், இறங்குகிறது என்று சொல்ல முடியாது. ஆகவே கீழ்வரம்பு 1 ஆகத்தான் இருக்கவேண்டும்.

அனுப்பியவர்: தேன்மொழி

நல்லூரான் ஐயா, வேறுபாட்டின் குறியைப் பார்க்கும் வழிக்கு நீங்கள் சொல்வது சரி. மாணவர்கள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். கீழ்வரம்பு 0 என்று நிறுவிவிட்டு, இரண்டாம் படியில் குறி தெரியாமல் நிற்பார்கள். ஆனால் "1 ஆகத்தான் இருக்கவேண்டும்" என்பது சரியில்லை. இறங்குவதையும் தொகுத்தறிதலாலேயே நிறுவினால் 0 போதும்.

a(2) = 1.75, இது a(1)-ஐவிடச் சிறியது. a(n+1) < a(n) என்று கொள்வோம். இரண்டும் மிகை எண்கள், ஆகவே வர்க்கங்களும் அதே வரிசையில் நிற்கும். 3-ஐக் கூட்டி 4-ஆல் வகுத்தாலும் வரிசை மாறாது. எனவே a(n+2) < a(n+1). முடிந்தது. 0-க்கு மேல் என்பது இங்கே இரண்டு வேலை செய்கிறது: கீழ்வரம்பாகவும் இருக்கிறது, வர்க்கம் வரிசையைக் காப்பதற்கும் காரணமாகிறது. குறை எண்களுக்கு அது நடக்காது. −3 என்பது −2-ஐவிடச் சிறியது, ஆனால் 9 என்பது 4-ஐவிடப் பெரியது.

பிறகு கருதெல்லைகள் 1, 3. இறங்கும் தொடர்முறையின் எல்லை முதல் உறுப்பான 2-ஐ மீறாது. 3 கழிகிறது. கீழ்வரம்பு 0, எல்லை 1. வரம்பும் எல்லையும் வேறு என்பதை இந்த நிறுவல் கண்ணுக்கு நேரே காட்டும். கீழ்வரம்பையும் 1 என்று எடுத்தால் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம்தான் மாணவரிடம் வலுப்படும். அதனால் குறிப்பில் இந்த வழியையே முதலில் வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வழி எங்கே உடையும் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். c(1) = 1, c(n+1) = 1 + 1/c(n) என்றால் 1, 2, 1.5, 1.667, 1.6 என்று மேலும் கீழும் ஆடும். தலைகீழாக்கினால் வரிசை புரண்டுவிடுவதே காரணம், ஆகவே இது ஓரியல்பு இல்லாதது. ஒற்றைப்படை உறுப்புகளைத் தனியாகவும் இரட்டைப்படை உறுப்புகளைத் தனியாகவும் எடுத்தால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். இரண்டுக்கும் எல்லை கண்டு, இரண்டும் ஒன்றே என்று காட்டவேண்டும்.

சொல்லைப் பற்றி: மாறாவெண் என்பது சார்பின் பண்பு. கருதெல்லை என்பது நிறுவலில் அந்த எண் நிற்கும் இடம். இரண்டும் தேவை.

அனுப்பியவர்: இளவேனில்

தேன்மொழி அம்மாவின் வழியையே முதலில் வைக்கிறேன். −1 விடையாக வரும் எடுத்துக்காட்டும் கயலின் நிரலும் சேர்கின்றன. நிரலுக்குக் கீழே நிறுத்த விதி ஏன் ஏமாந்தது என்பதற்குத் தனிப் பத்தி உண்டு.

வரைவில் இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "x = f(x) என்பதன் தீர்வுகள் f-இன் மாறாவெண்கள். எல்லை உண்டு என்று நிறுவும் வரை அவற்றைக் கருதெல்லை என்றே எழுதுக."

ஓர் இடத்தில் இன்னும் தெளிவில்லை. a(1) = 4 என்று தொடங்கினால் அடுத்தது 4.75, பிறகு 6.39, மேலே போய்க்கொண்டே இருக்கும். எல்லை இல்லை என்று நிறுவிய பிறகும் 1, 3 இரண்டையும் கருதெல்லை என்றே அழைப்பதா?

அனுப்பியவர்: நல்லூரான்

இல்லை என்று நிறுவிவிட்டால் கருதுவதற்கு ஒன்றும் இல்லையே. அங்கே மாறாவெண் மட்டும் போதும்.

அனுப்பியவர்: செம்பியன்

எனக்கு உடன்பாடில்லை. "தொடர்முறை ஏறுகிறது, ஆகவே 3 எல்லை என்றால் எந்த உறுப்பும் 3-ஐத் தாண்டக்கூடாது, ஆனால் முதல் உறுப்பே 4" என்று மறுக்கும்போதுதான் அந்தச் சொல் வேலை செய்கிறது. பொய்யான கருதுகோளும் கருதுகோள்தானே. அந்த எடுத்துக்காட்டில் "கருதெல்லைகள் இரண்டு, எல்லை இல்லை" என்று எழுதிப் பாருங்கள்.